தலைப்பெழுத்தும் தவறிய பார்சலும்

ஆள்மாறி வந்த பார்சல், முதல் ஷாட்டில் ஒளித்துவைத்த துப்பு, கடைசியில் ஒரு திருப்பம். இந்த வாய்பாட்டைக் கரிசல் மண்ணில் நடுகிற குறும்படக்காரர்களோடு எனக்குச் சண்டை உண்டு. துப்பைச் சட்டகத்தின் மூலையில் மங்கலாக வைத்து அரை நொடியில் வெட்டிவிடுகிறார்கள். பார்சல் ஏன் மாறியது என்று கேட்டால் தபால்காரரின் கவனக்குறைவாம். கோவில்பட்டியைச் சுற்றிய கிராமங்களில் தபால்காரருக்குக் கதவு எண் எதற்கு? பட்டப்பெயரும் பாட்டன் பெயரும் அவருக்குத் தெரியும். அவரை முட்டாளாக்கினால்தான் நகரும் என்றால் அந்தக் கதை நகராமலே இருக்கட்டும்.

ஆர்தர் கானன் டாயில் 1893இல் வெளியிட்ட 'அட்டைப்பெட்டி' கதையைப் பாருங்கள். 'மிஸ் எஸ். குஷிங்' என்று முகவரியிட்ட பொட்டலம் சூசன் குஷிங்கிடம் வருகிறது. உள்ளே உப்பில் புதைத்த இரண்டு மனிதக் காதுகள். அனுப்பியவன் குறிவைத்ததோ தங்கை சாராவை. அவள் அந்த வீட்டைவிட்டுப் போனது அவனுக்குத் தெரியாது. 'எஸ்' இருவருக்கும் பொதுவான எழுத்து; எல்லோர் கண்ணெதிரிலும் கிடக்கிறது. தபால்காரர்மேல் பழியே இல்லை.

நம்மிடம் இதைவிடக் கூர்மையான கருவி இருக்கிறது. திருமணமானதும் பெண்ணின் தலைப்பெழுத்து பெரும்பாலும் தகப்பனிடமிருந்து கணவனுக்கு மாறிவிடும். முத்தையாவுக்கு மாரியம்மாள், மாரிச்செல்வி என்று இரண்டு பெண்கள். வீட்டில் இருவருமே மாரிதான். வெளியூரில் பிழைக்கும் ஒருவன் 'மு. மாரி' என்று எழுதி வளையல் அனுப்புகிறான். மூத்தவள் கருப்பசாமியை மணந்து 'க. மாரியம்மாள்' ஆகி எட்டயபுரம் போய்விட்டதை அவன் அறியமாட்டான். தபால்காரர் அறிவார். அறிந்ததனாலேயே இளையவளிடம் கொடுக்கிறார்.

முதல் ஷாட், எழுதும் கையின் அண்மைக்காட்சி. 'மு' என்ற எழுத்தை நிதானமாக வாசிக்கும்வரை கேமரா அசையக்கூடாது. பார்ப்பவன் அதை வெறும் முகவரியாக எடுத்துக்கொள்வான். அதன்பின் இளையவள்மேல் விழும் சந்தேகமும் அடியும் ஏச்சும் படத்தை நிரப்பும். நடுவில் ஒருமுறை மட்டும் மூத்தவளின் குடும்ப அட்டையில் 'க' தெரிந்தால் போதும். இதைச் செய்யாமல் முடிவில் மட்டும் சொல்வது மோசடி.

இன்னொன்று, இதை இன்றைய காலத்தில் வைக்க முடியாது. பார்சல்மேல் கைபேசி எண் இருந்தால் ஒரே அழைப்பில் கதை செத்துவிடும். 1980களில் வையுங்கள்.

'இதற்குத் திருப்பமே வேண்டுமா?' என்று கேட்பவர்களையும் நான் மறுக்கவில்லை. அஞ்சல் துறையில் வேலை பார்த்த ச. தமிழ்ச்செல்வன், 'வெயிலோடு போய்' கதையில் மணமான மாரியம்மாளின் பழைய நேசத்தை ஒரு பொட்டலமும் இல்லாமல் எழுதினார். 2008இல் அது 'பூ' என்று படமாகவும் வந்தது. திருப்பம் வைத்தே தீருவேன் என்பவர் கடைசி ஷாட்டில் மூத்தவளிடம் வளையலைக் கொடுக்காதீர்கள். கிழித்துப்போட்ட மேலுறையைக் கொடுங்கள். அவள் வாசிக்கட்டும். பின்னணி இசை வேண்டாம்.