தூண் வளையேல்லை, அதுதான் பிரச்சினை

இடுப்பை ஒடுக்கின படத்தில பின்னால நிக்கிற கதவு நிலையும் சேர்ந்து வளைஞ்சிருந்தா, நாங்கள் எல்லாரும் பகிர்ந்து சிரிக்கிறம். சிரிப்பு நியாயமானதுதான். ஆனால் அந்த வளைஞ்ச கதவு குறைஞ்சபட்சம் ஒரு உண்மையைச் சொல்லுது: இந்த உடம்பில ஆரோ கை வைச்சிருக்கினம். நான் பயப்பிடுறது வளையாத கதவுக்குத்தான்.

எங்கட சாமத்திய வீட்டு அல்பங்களை எடுங்கோ. பதின்மூன்று வயதுப் பிள்ளை கட்டம் போட்ட சேலையோட, மடிப்புத் துணியும் தூண்களும் வைச்ச சோடனைக்கு முன்னால நிக்கிறாள் என்று வைப்பம். படம் 4000 பிக்சல் அகலம், அதில அவளின்ர இடுப்பு 800 பிக்சல். போட்டோஷொப்பில லிக்விஃபையைத் திறந்து ஒவ்வொரு பக்கமும் 30 பிக்சல் உள்ள தள்ளினால் காணும். அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று அச்சடிச்சால் ஒரு பக்கத்துக்கு இரண்டரை மில்லிமீற்றர்தான். ஆனால் இடுப்பின்ர அகலத்தில ஏழரை வீதம் போயிட்டுது.

அனுபவமில்லாத ஆள் முழுப்படத்தையும் ஒரே லேயரில வைச்சுத் தள்ளுவார். இடுப்போட தூணும் இழுபடும். Freeze Mask பூசித் தூணை அசையாமல் வைச்சாலும், தூணுக்கும் இடுப்புக்கும் இடையில இருக்கிற துணி மடிப்பு ரப்பர் மாதிரி நீளும். தொழில் தெரிஞ்சவர் பிள்ளையை மட்டும் வெட்டித் தனி லேயராக்குவார். அடியில இருக்கிற லேயரில, இடுப்பு விலகினால் வெளியில தெரியப்போற ஒடுக்கமான பகுதியைச் சோடனைத் துணியால முன்கூட்டியே நிரப்பி வைப்பார். பிறகு லிக்விஃபை மேல் லேயரில மட்டும்தான். பின்னணி தொடப்படவே இல்லை, அதால தூண் நேராவே நிக்கும்.

சேலைதான் அடுத்த சிக்கல். சின்னத் தூரிகையால தள்ளினால் விளிம்பில இருக்கிற இரண்டு, மூன்று கட்டங்கள் மட்டும் நசுங்கும், கரை பாம்பு மாதிரி நெளியும். அதால இடுப்பில பாதியை மூடுற அளவுக்குப் பெரிய தூரிகை எடுத்து, அழுத்தத்தைக் குறைச்சு, Forward Warp ஆல கொஞ்சம் கொஞ்சமாத் தள்ளுவினம். அப்ப அந்த 30 பிக்சல் நிறையக் கட்டங்களுக்குப் பங்கு பிரியும். ஒவ்வொண்டும் மயிரிழைதான் ஒடுங்கும். உடம்பு வளைஞ்சு போற பக்கத்தில கட்டங்கள் இயல்பாவே ஒடுக்கமாத்தான் தெரியும். அதனால கண் சந்தேகப்படாது. இடுப்போட ஒட்டின கையை உறைய வைக்க வேணும், இல்லாட்டி வளையல் முட்டை வடிவமாகும்.

இவ்வளவு கவனமும் ஆருக்காக? தூணுக்கும் சேலைக்கும் ஒரு கீறலும் விழக்கூடாதாம். பிள்ளையின்ர உடம்பு மட்டும் கேட்காமலே திருத்தலாம். தேத்தண்ணிக் கறையை அழிக்கிற மாதிரி.

‘வெளிச்சமும் போஸும் பொய்தானே?’ என்று கேட்பினம். இல்லை. வெளிச்சத்துக்கு முன்னால அவள் நிக்கிறாள், திரும்பச் சொன்னால் திரும்புறாள், மாட்டன் என்றும் சொல்லலாம். லிக்விஃபை நடக்கிற நேரம் அவள் அந்த அறையிலேயே இல்லை. இன்னொரு நியாயமான பாவனையும் இருக்கு. அகலக்கோண லென்ஸில எடுத்த குடும்பப் படத்தில ஓரத்தில நிக்கிற மாமி உள்ளதை விட அகலமாத் தெரிவா. அதைச் சரியாக்கிறது லென்ஸின்ர பிழையைத் திருத்திறது. பிள்ளையின்ர இடுப்பு லென்ஸின்ர பிழை இல்லை.

‘தாய் தகப்பன் கேக்கினம்’ என்பது அடுத்த பதில். சில பேர் கேக்கினம்தான். ஆனால் அல்பத்தைத் திறந்து, இதுதான் நான் என்று நம்பப்போறவள் அவள். பிறகு கண்ணாடியைப் பார்த்து, ‘நான் இப்ப உடம்பு வைச்சிட்டன்’ என்று நினைக்கப்போறவளும் அவள்தான். அவள் ஒருநாளும் அந்த அளவில இருக்கேல்லை என்று சொல்ல வளைஞ்ச தூண்கூட இல்லை.

சில நேரம் ஒரு சாட்சி மிஞ்சும். ஃபிளாஷ் வெளிச்சத்தில பின்துணியில விழுந்த நிழல். பின்னணியை அப்படியே விட்டதால நிழல் பழைய அகலத்திலேயே நிக்கும். அன்றைய வீடியோவையும் ஒப்பிடலாம். இடுப்புக்கும் தோளுக்கும் உள்ள விகிதம் ஒத்துவராது. ஆனால் கைதேர்ந்தவர் நிழலையும் திருத்துவார். ஆகவே கண்டுபிடிக்கிறதை நம்பி இருக்க ஏலாது.

பிரான்சில 2017 ஒக்டோபரிலிருந்தும், நோர்வேயில 2022 ஜூலையிலிருந்தும் உடல் வடிவம் மாற்றின விளம்பரப் படங்களில அதைக் குறிப்பிட வேணும் என்று சட்டம் இருக்கு. அது விளம்பரத்துக்கு. வீட்டு அல்பத்துக்குள்ள சட்டம் வராது, வர வேணும் என்றும் நான் கேக்கேல்லை.

ஸ்டூடியோக்காரரிட்ட நான் கேக்கிறது இரண்டு விசயம். உடல் வடிவத்தில கை வைக்க முதல் படத்தில இருக்கிற ஆளிட்டயே கேளுங்கோ. பதின்மூன்று வயதென்றாலும் கேளுங்கோ. மாற்றின படத்தோட மாற்றாத படத்தையும் அதே பென்டிரைவில குடுங்கோ. மெனக்கெட்டு இரண்டு லேயர் பிரிக்கிற ஆளுக்கு, ஒரு கேள்வி கேக்க நேரமில்லை என்று சொல்ல ஏலாது.