மூன்று மொழி அழைப்புக்கு எந்த மொழியில் குறிப்பு?

ஓய்வுபெற்ற ஓர் அக்காவின் சேவைக்காலப் பணம் பற்றி, சங்கக் காரியாலயத்திலிருந்து போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசினோம். அக்கா தமிழில் பேசினார், தொழில் உத்தியோகத்தர் சிங்களத்தில், துரை ஆங்கிலத்தில். நான் நடுவிலிருந்து மொழிபெயர்த்தேன். பேசி முடிந்ததும், துரைக்கு அனுப்ப வசதியென்று குறிப்பை ஆங்கிலத்தில் எழுதினேன். அக்கா கையெழுத்து வைத்தார்.

ஒரு வாரம் கழித்து அதைத் தமிழில் வாசித்துக் காட்டியபோதுதான் அக்கா இடைமறித்தார். "94லேயே கைக்காசுக்குக் கொழுந்து பறிச்சேன் சார், 97லதான் பேர் பதிஞ்சாங்க" என்று அன்று சொல்லியிருந்தார். என் குறிப்பிலோ 1997இல் வேலையில் சேர்ந்தார் என்று மட்டுமே இருந்தது. நாட்கூலித் தொழிலாளிக்குப் பூர்த்தியான ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம் சேவைக்காலப் பணமாகக் கணக்கிடப்படுகிறது. அப்படியானால் அந்த 3 வருடங்கள் 42 நாள் சம்பளம். அதைக் கேட்கும் வாதத்தையே என் குறிப்பு விட்டுவிட்டது.

இன்னொரு பிழையும் இருந்தது. உத்தியோகத்தர் சொன்னது "கெவன்ன புளுவன்", அதாவது "கொடுக்கலாம்". நான் "கொடுப்பார்கள்" என்று எழுதிவிட்டேன். துரை சொன்ன "சப்ஜெக்ட் டு அப்ரூவல்" என்பதும் விடுபட்டிருந்தது. தலைமை அலுவலகம் சம்மதித்தால்தான் பணம் என்பது அதன் பொருள். இல்லாத வாக்குறுதியை நம்பி அக்கா காத்திருந்தார்.

என் கருத்து இதுதான். யாருடைய பணமோ, யார் கையெழுத்து வைக்க வேண்டுமோ, அவருடைய மொழியில்தான் மூலக் குறிப்பு இருக்க வேண்டும். தான் சொன்னதை அதில் தேடிப் பார்க்கக்கூடியவர் அவர்தான். வாசிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து.

ஆனால் எல்லாவற்றையும் தமிழாக்கிவிடக் கூடாது. வாக்குறுதியையும் நிபந்தனையையும் சொன்னவரின் வார்த்தையிலேயே, அவர் பெயருடன் எழுதி, பக்கத்தில் தமிழ் அர்த்தம் போட வேண்டும். பின்னர் "அப்படிச் சொல்லவில்லை" என்று யாராவது மறுத்தால், அவர் சொன்ன வார்த்தையே கையில் இருக்கும்.

"தமிழில் அனுப்பினால் தாமதமாகும்" என்று தோழர்கள் சொல்வார்கள். அது உண்மைதான். அதனால் துரைக்கு ஆங்கிலத்திலும், தொழில் திணைக்களத்துக்குச் சிங்களத்திலும் பிரதி அனுப்புவோம். ஒவ்வொரு பிரதியிலும் "கையெழுத்திட்ட மூலம் தமிழில் உள்ளது" என்று ஒரு வரி சேர்ப்போம். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்திலேயே தமிழும் அரச கரும மொழியானது. தமிழில் எழுதிய குறிப்பை நீட்ட நாம் கூச்சப்பட வேண்டியதில்லை.

அக்காவின் குறிப்பைத் திருத்தித் தமிழில் எழுதினோம். இப்போது அதில் 1994, 1997 என்று இரண்டு வருடங்களும் இருக்கின்றன. எதிலிருந்து கணக்கிடுவது என்ற வழக்கு இன்னும் முடியவில்லை, ஆனால் அக்கா சொன்னது இப்போது எழுத்தில் இருக்கிறது.