ஒரே அட்டை, மூன்று தறி

சென்னிமலையில் பெட்ஷீட் போடும் அண்ணன் ஒருவர் போன வாரம் ராத்திரி ஒன்பது மணிக்குக் கூப்பிட்டார். "ஏனுங் தம்பி, டிசைன் பூராப் போயிருச்சுங்க. கடைக் கம்ப்யூட்டர்லயும் இல்ல, குடோன் லேப்டாப்லயும் இல்ல, செல்லுலயும் இல்ல."

அதற்குப் பதினெட்டு நாளைக்கு முன்பு கம்ப்யூட்டரில் இடம் நிறைந்துவிட்டது. அவர் மகள் ஒன்டிரைவ் ஃபோல்டரில் இருந்த ஜக்கார்டு டிசைன்கள் 59-ஐ அழித்திருக்கிறாள். லேப்டாப்பிலும் செல்லிலும்தான் இருக்கிறதே என்று நம்பித்தான் செய்தாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மூன்று இடத்தில் கண்ணுக்குத் தெரிவதை மூன்று பிரதி என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

தறியில் அது சரி. ஒரே டிசைனுக்கு மூன்று தறி என்றால் மூன்று தொடர் அட்டை குத்தித் தொங்கவிடுகிறோம். ஒன்று கிழிந்தால் பக்கத்துத் தறி பாட்டுக்கு ஓடும். ஒன்டிரைவ் போன்ற ஃபோல்டரில் மூன்று தறிக்கும் ஒரே அட்டைதான்.

ஏன் அப்படி வைத்திருக்கிறார்கள்? கடைக் கம்ப்யூட்டரில் 62 ஃபைல், லேப்டாப்பில் 63 என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒன்று லேப்டாப்பில் புதிதாகச் சேர்ந்ததா, கம்ப்யூட்டரில் அழிக்கப்பட்டதா? இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மட்டும் தெரியாது. அதனால் கடைசியாக இரண்டும் ஒத்துப்போனபோது என்னென்ன இருந்தன என்று ஒரு கணக்கு எழுதி வைத்திருக்கிறது அந்த மென்பொருள். கணக்கில் இருந்து, கம்ப்யூட்டரில் இல்லையென்றால், யாரோ அழித்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு அந்தச் செய்தியை மற்ற இடங்களுக்கும் அனுப்புகிறது. அனுப்பாமல் விட்டால், நாம் வேண்டுமென்றே அழிக்கிற ஃபைலை லேப்டாப் ஒவ்வொரு முறையும் திரும்பக் கொண்டுவந்து போடும். செல்லின் கதை இன்னும் எளிது. அதில் ஃபைல் இறங்கியே இருக்காது. இணையத்தில் இருக்கும் பட்டியலைத்தான் செயலி காட்டுகிறது.

அண்ணன் கம்ப்யூட்டரின் குப்பைத் தொட்டியைத் திறந்து பார்த்து ஒன்றும் இல்லை என்று சோர்ந்திருந்தார். அந்த ஃபைல்களின் பக்கத்தில் நீல மேகப் படம் இருந்ததாக மகள் சொன்னாள். அந்தப் படம் இருந்தால் ஃபைல் இணையத்தில் மட்டும் இருக்கிறது என்று அர்த்தம். அதை அழித்தால் உள்ளூர்த் தொட்டிக்கு வராது. இன்னொன்றும் உண்டு: அந்த ஃபைல் கம்ப்யூட்டரில் இடமே அடைக்கவில்லை. அழித்தும் இடம் கிடைத்திருக்காது. பச்சை டிக் இருக்கிற ஃபைல்தான் இடம் பிடிக்கும். அதை அழிக்க வேண்டியதில்லை, வலது பக்கம் க்ளிக் செய்து Free up space கொடுத்தால் போதும்.

இணையத்தில் இருக்கும் தொட்டி தனி. பிரவுசரில் onedrive.live.com போய், இடது பக்கம் Recycle bin திறந்தோம். 59-உம் இருந்தன. தனிநபர் கணக்கில் அழித்ததை 30 நாள் வைத்திருப்பார்கள். பன்னிரண்டு நாள் மிச்சம். எல்லாவற்றையும் தேர்வு செய்து Restore கொடுத்ததும், பழைய ஃபோல்டரிலேயே போய் உட்கார்ந்தன. கொஞ்ச நேரத்தில் லேப்டாப்பிலும் வந்தன. அழித்த செய்தி போன வழியிலேயே மீட்ட செய்தியும் போகிறது. முதல் வேலையாக எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவில் போட்டு, ஃபோல்டருக்கு வெளியே வைத்தோம்.

அழித்த அன்றைக்கே தெரிந்து, இன்னொரு லேப்டாப் அணைந்து கிடந்தால் வேறு வழியும் இருக்கிறது. வைஃபையை நிறுத்திவிட்டுத்தான் அதைத் திறக்க வேண்டும். செய்தி இன்னும் வந்து சேராததால், பச்சை டிக் ஃபைல்கள் அப்படியே இருக்கும், நகல் எடுத்துக்கொள்ளலாம். நெட்டோடு திறந்தால் கண்ணெதிரே மறைந்துவிடும். அண்ணனின் குடோன் லேப்டாப் தினமும் ஓடியதால் இது உதவவில்லை.

நாலு டிசைன் மட்டும் கிடைக்கவில்லை. அவற்றை நாற்பது நாளைக்கு முன்பே, வேறு ஒரு நாள், தேவையில்லை என்று அழித்திருக்கிறார்கள். கெடு தாண்டியதால் தொட்டியிலும் இல்லை.

"அதுல மூணு இனி வேண்டாமுங்க. மாங்காய்க் கரை மட்டும் வேணும்" என்றார். அந்தக் கரைக்குக் குத்திய அட்டை பழைய தறிக் கொட்டகையில், கயிறு கட்டி மேலே தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு ஊடைக்கு ஒரு அட்டை, ஓட்டை இருக்கும் இடத்தில் பாவு இழை எழும்பும். மகள் தூசி தட்டி இறக்கி, அட்டை அட்டையாக எடுத்துப் பார்த்து, ஓட்டை விழுந்த இடத்தையெல்லாம் திரையில் கட்டம் கட்டமாக நிரப்பிக்கொண்டிருக்கிறாள்.