புகார் கொடுத்த பின்னும் கைநழுவும் உரிமை

ஜெர்மனியில் பயிலும் வெளிநாட்டு மாணவர்களில் இந்தியர்களே இன்று முதலிடத்தில் இருக்கிறார்கள். படிப்பை முடித்து அங்கேயே பணியில் சேர்வோரும் கணிசமானவர்கள். நிறத்தையோ பிறப்பிடத்தையோ காட்டி ஒருவர் இழிவுபடுத்தப்படும்போது, உடனிருப்போர் சொல்லும் முதல் அறிவுரை, ‘நிர்வாகத்திடம் புகார் கொடுங்கள்’ என்பதே. அறிவுரையில் பிழையில்லை. ஆனால், அதோடு நின்றுவிட்டால் சட்டம் தரும் இழப்பீட்டு உரிமை ஓசையின்றிக் கைநழுவிப் போகும்.

2006 ஆகஸ்ட் முதல் நடைமுறையில் உள்ள பொதுச் சமநடத்தைச் சட்டம், பணியாளர்களுக்கு இரு தனித்தனி வழிகளைத் திறந்து வைத்திருக்கிறது. ஒன்று, நிறுவனத்துக்குள் இருக்கும் புகார்ப் பிரிவு. அங்கே புகார் அளிக்கக் காலக்கெடு இல்லை. விசாரித்து முடிவைத் தெரிவிப்பதும், தொல்லை தந்தவரை எச்சரிப்பது, இடம் மாற்றுவது, தேவையானால் பணிநீக்குவது போன்ற தக்க நடவடிக்கை எடுப்பதும் முதலாளியின் கடமை. மற்றொன்று, இழப்பீடு கோருவது. அதற்கு, நடந்ததை அறிந்த நாளிலிருந்து 2 மாதங்களுக்குள் எழுத்துபூர்வமான கோரிக்கை முதலாளியைச் சென்றடைய வேண்டும். அடுத்த 3 மாதங்களுக்குள் தொழிலாளர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர வேண்டும். முதல் வழியில் நடப்பதால் இரண்டாவதன் கடிகாரம் நின்றுவிடுவதில்லை. சிக்கல் இங்கேதான்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். மார்ச் 10-ஆம் தேதி நடந்த குழுக் கூட்டத்தில் ஒரு பொறியாளரின் நிறத்தை அவருடைய மேலாளர் கேலி செய்கிறார். 14-ஆம் தேதி அவர் உள்புகார் அளிக்கிறார். ‘விசாரணை நடைபெறுகிறது’ என்ற பதிலே தொடர்ந்து வருகிறது. ஜூன் மாதத்தில், ‘வெறும் தவறான புரிதல்’ என்று கோப்பு மூடப்படுகிறது. அதற்குள் மே 10 கடந்துவிட்டது. மாறாக, விசாரணை முடியக் காத்திராமல், நடந்தது என்ன, எந்தச் சட்டத்தின்கீழ் இழப்பீடு கோருகிறேன் என்று கையொப்பமிட்டு அவர் எழுதிய கடிதம் மே 5-ஆம் தேதி முதலாளிக்குக் கிடைத்திருந்தால், வழக்குத் தொடர ஆகஸ்ட் தொடக்கம் வரை அவகாசம் இருந்திருக்கும். புதிய நாட்டில் தடுமாறும் ஒருவருக்கு 2 மாதம் மிகக் குறைவு. அதை 12 மாதங்களாக நீட்டிக்க வேண்டும் என்று கூட்டாட்சியின் பாகுபாட்டு எதிர்ப்பு ஆணையர் ஃபெர்டா அட்டமான் 2023-இல் பரிந்துரைத்தது நியாயமே.

சான்று விஷயத்தில் சட்டம் ஓரளவு கைகொடுக்கிறது. பாகுபாடு நடந்திருக்கலாம் என்று கருதுவதற்கான அறிகுறிகளைப் பணியாளர் நிறுவினால் போதும். அப்படி நடக்கவில்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு முதலாளியின் தலையில் விழும். எனவே தேதி, இடம், சொன்ன சொற்கள், உடனிருந்தோர் ஆகியவற்றை அன்றன்றே குறித்து வைப்பது பயன் தரும். பேச்சை ரகசியமாகப் பதிவு செய்வது கூடாது. அங்கே அதுவே தண்டனைக்குரிய குற்றம்.

மொழி பற்றிய மனத்தாங்கல்களில்தான் பலரும் ஏமாற்றமடைவர். பணிக்குத் தேவையென்றால் ஜெர்மன் வகுப்புக்குப் போகுமாறு வற்புறுத்துவது தொல்லையாகாது என்று, நீச்சல்குளப் பணியாளர் ஒருவரின் வழக்கில் கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம் 2011-இல் தீர்ப்பளித்தது. ஆனால், ‘ஜெர்மன் தாய்மொழியாக இருக்க வேண்டும்’ என்ற வேலை விளம்பரத்தை அதே நீதிமன்றம் 2017-இல் பாகுபாடாகவே கண்டது. மொழித்திறனைக் கேட்கலாம், அது எந்த வீட்டில் வந்தது என்று கேட்கலாகாது என்பதே வேறுபாடு.

மாணவர்களின் நிலை இதைவிட மெலிந்தது. இச்சட்டத்தின் பணியிடப் பாதுகாப்பு மாணவர் என்ற நிலைக்குப் பொருந்தாது. ஒரே ஆய்வகத்தில், பணி ஒப்பந்தத்தில் இருக்கும் முனைவர்பட்ட ஆய்வாளருக்கு இருக்கும் வழி, உதவித்தொகையில் பயிலும் முதுநிலை மாணவருக்கு இல்லை. அரசுப் பல்கலைக்கழக மாணவர்கள் அந்தந்த மாநிலச் சட்டத்தையும் பல்கலைக்கழக விதிகளையுமே நம்ப வேண்டியிருக்கிறது. பெர்லின் மாநிலம் 2020-இல் தனிச் சட்டம் இயற்றி, அரசுப் பல்கலைக்கழகங்களையும் அதன் வரம்புக்குள் கொண்டுவந்தது. குறைதீர்ப்பு அலுவலகம் ஒன்றையும் ஏற்படுத்தியது. பிற இடங்களில், பேராசிரியர் மீது குறை இருந்தால் துறைக்குள்ளேயே பேசுவதைவிடப் பல்கலைக்கழகத்தின் பாகுபாட்டு எதிர்ப்புத் தொடர்பாளரையோ மாணவர் பேரவையையோ அணுகுவது மேல். மதிப்பெண் இடுபவரும் குற்றம் சாட்டப்பட்டவரும் ஒருவராகவே இருக்கும்போது, வேறொரு தேர்வாளரை நியமிக்குமாறு எழுத்தில் கோருவதே முதல் தேவை.

நேரடி வசைச்சொல் என்றால் காவல்துறையை நாடலாம். ஆனால் அவமதிப்புக் குற்றத்துக்கு, 3 மாதங்களுக்குள் பாதிக்கப்பட்டவரே நடவடிக்கை கோரி மனு அளிக்க வேண்டும். கூட்டாட்சியின் பாகுபாட்டு எதிர்ப்பு அலுவலகம் கட்டணமின்றி ஆலோசனை தரும். எதிர்த்தரப்பிடம் விளக்கமும் கேட்கும். எவரையும் தண்டிக்கும் அதிகாரம் அதற்கில்லை. அதற்கு எழுதிய கடிதம் முதலாளிக்கு எழுதிய கோரிக்கை ஆகாது.