கூட்டுப் பட்டாவில் அண்ணன் பெயர்

பாகத்தில் தம்பிக்கு வந்த பூமிக்கு அண்ணன் பெயரும் சேர்த்துக் கூட்டுப் பட்டா இருக்கிறது, வி.ஏ.ஓ. திருத்தித் தர மறுக்கிறார் என்கிறார் பொங்கலூர் வாசகர்.

வி.ஏ.ஓ. அறிக்கைதான் தர முடியும். திருத்தும் அதிகாரம் தாசில்தாருக்கே. பதிவு செய்த பாகப்பத்திரம், வில்லங்கச் சான்றுடன் பல்லடம் தாசில்தாரிடம் மனுக் கொடுக்கலாம். பங்கு தனி உட்பிரிவாக இல்லையென்றால் சர்வேயர் அளந்தாக வேண்டும். அண்ணனுக்கும் நோட்டீஸ் போகும்.

மனு தள்ளுபடியானால் வாய்ப்பேச்சோடு திரும்பிவிடக் கூடாது. பலர் கோட்டை விடுவது இங்கேதான். எழுத்துப்பூர்வ உத்தரவின் நகலை வாங்கினால்தான், 1983-ஆம் ஆண்டு பட்டா பாஸ் புத்தகச் சட்டப்படி ஆர்.டி.ஓ.விடம் மேல்முறையீடு செய்ய முடியும். அங்கும் சரிவராவிட்டால் டி.ஆர்.ஓ.விடம் சீராய்வு மனு.

பாகமே செல்லாது என்று அண்ணன் வாதாடினால், அது உரிமைத் தகராறு. சிவில் கோர்ட்டுதான் தீர்க்க வேண்டும். அந்தத் தீர்ப்பின்படியே பட்டா மாறும்.