அரசு மரியாதைக்காகத்தான் உறுப்பு கொடுக்கிறாங்களா?

1/ "சுயநலம் இல்லாத உதவியே கிடையாது டாக்டர். எல்லாரும் ஏதோ ஒரு லாபத்துக்காகத்தான் செய்றாங்க." உறுப்பு தானம் பற்றி எப்போ எழுதினாலும் கீழே இந்த வரி வந்துடும். பழனிசெட்டிபட்டி டீக்கடையிலும் இதேதான். கேட்க புத்திசாலித்தனமா இருக்கும். ஆனா தப்பு. ஏன்னு சொல்றேன்.

2/ உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று 2023 செப்டம்பரில் தமிழக அரசு அறிவித்தது. சில நாட்களிலேயே முதல் மரியாதை நம்ம தேனி மாவட்டத்தில், சின்னமனூரைச் சேர்ந்த ஒரு அரசு ஊழியருக்கு. "மரியாதைக்காகக் கொடுக்கிறாங்க" என்ற பேச்சுக்கும் அதோட ஒரு சாக்கு கிடைச்சது.

3/ சரி, 2008-ல் ஹிதேந்திரனின் பெற்றோர் மகனின் உறுப்புகளைக் கொடுத்தபோது என்ன மரியாதை அறிவிப்பு இருந்தது? அதிலிருந்து 15 வருஷம் தமிழ்நாட்டில் எத்தனையோ குடும்பங்கள் எந்த மரியாதையும் இல்லாமல்தான் கொடுத்தன.

4/ அந்த நேரம் எப்படி இருக்கும் தெரியுமா? மூளைச்சாவை நான்கு மருத்துவர்கள் உறுதி செய்யணும். ஒரு முறை சோதித்து, குறைந்தது 6 மணி நேரம் கழித்து மறுபடியும் சோதிக்கணும். அதுவரைக்கும் உடம்பு சூடாத்தான் இருக்கும். வென்டிலேட்டரால் நெஞ்சு ஏறி இறங்கும். மானிட்டரில் இதயம் துடிக்கும். அந்த வராண்டாவில் நின்னுக்கிட்டுத்தான் மனைவியோ அப்பாவோ சம்மதம் சொல்லணும். பணம் வாங்குவது சட்டப்படி குற்றம். உறுப்பு யாருக்குப் போகுதுன்னும் சொல்ல மாட்டாங்க. அங்கே நின்னு யாரும் மலர்வளையத்துக்குக் கணக்குப் போடுவதில்லை.

5/ "ஆனா கொடுத்த பிறகு அவங்களுக்கு ஒரு ஆறுதல் கிடைக்குதே?" கிடைக்கும். கிடைக்கட்டும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் மாத்திரை கொடுக்கிறோம். சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். அதுக்காக, ஆரஞ்சு நிறத்துக்கு ஆசைப்பட்டுத்தான் நோயாளி மாத்திரை சாப்பிட்டார்னு சொல்வீங்களா? ஒரு செயலால் கூடவே வருவது வேற, அந்தச் செயலின் நோக்கம் வேற.

6/ இதைச் சோதித்தும் பார்த்திருக்காங்க. அமெரிக்காவில் டேனியல் பேட்சன் குழு 1981-ல் வெளியிட்ட ஆய்வு. எலைன் என்ற பெண் மின்அதிர்ச்சி வாங்கித் துடிப்பதை மாணவிகள் பார்த்தார்கள். (அது நடிப்பு, அவர்களுக்குத் தெரியாது.) "அவளுக்குப் பதிலா நீ வாங்கிக்கிறியா?" என்று கேட்டார்கள். ஒரு பகுதியினருக்குத் தப்பிக்கும் வழி சுலபம்: மேற்கொண்டு பார்க்கவே வேண்டாம், எழுந்து போகலாம்.

7/ பார்க்கச் சகிக்காமல், தன் மனக்கஷ்டம் தீரத்தான் உதவுறோம்னா, எல்லாரும் எழுந்து போயிருக்கணும். எலைன் தன்னைப் போன்றவள் இல்லை என்று நினைத்தவர்களில் பெரும்பாலோர் அப்படித்தான் போனார்கள். 18 சதவீதம் பேர்தான் உதவ முன்வந்தார்கள். தன்னைப் போன்றவள் என்று நினைத்து, அவள்மேல் பரிவு வந்தவர்களில்? 91 சதவீதம்!

8/ சின்ன ஆய்வுதான், ஒவ்வொரு பிரிவிலும் 11 பேர். "தன்னையே அவளிடம் பார்த்ததால் உதவினாங்க" என்று சியால்டினி போன்றவர்கள் பிறகு மறுத்தார்கள். அந்த விவாதம் நியாயமானது, ஏன்னா அதைச் சோதித்துப் பார்க்க முடியும். டீக்கடை வாதத்தை எப்படிச் சோதிப்பீங்க? உதவினால் புகழுக்காக. ரகசியமா உதவினால் புண்ணியத்துக்காக. கடவுளே இல்லைன்னு சொல்றவர் உதவினால் மனதிருப்திக்காக. எந்த ரிப்போர்ட் வந்தாலும் ஒரே நோயைச் சொல்ற டாக்டரிடம் நீங்க போவீங்களா?

9/ இந்தப் பேச்சு வெறும் பேச்சோடு நிற்பதில்லை என்பதுதான் என் கோபம். சம்மதிக்க மனசு இருக்கும் குடும்பம்கூட "ஊர் என்ன சொல்லும்? உறுப்பை வித்துட்டாங்கன்னு பேசுவாங்களே" என்று பின்வாங்கும். ஒரு இதயத்தை எடுத்தால் சுமார் 4 மணி நேரத்துக்குள் பொருத்தணும். உங்க தத்துவம் முடியுற வரைக்கும் அது காத்திருக்காது.

10/ அப்போ நோக்கத்தையே பார்க்கக் கூடாதா? பார்க்கணும், உயிரோடு இருப்பவர் கொடுக்கும்போது. நெருங்கிய உறவு இல்லாத ஒருவர் சிறுநீரகம் கொடுக்க வந்தால் அங்கீகாரக் குழு விசாரிக்கும். மனசு சுத்தமான்னு அவங்க கேட்பதில்லை. பணம் கைமாறியதா, மிரட்டல் இருக்கான்னு கேட்பாங்க.

11/ இன்னொன்று. நம்ம நாட்டில் உயிரோடு இருந்து சிறுநீரகம் கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மனைவி, அம்மா, அக்கா. "தாய்மையின் தியாகம்"னு ஸ்டேட்டஸ் போடுறோம். அந்த அம்மா தனியா இருக்கும்போது "உங்களுக்கு இஷ்டம் இல்லைன்னா வேண்டாம்னு சொல்லலாம்மா" என்று யாராவது சொன்னோமா?

12/ அதனால கேள்வியை மாத்துங்க. "இவங்க உள்ளுக்குள்ள சுயநலமா?" என்பதை யாராலும் அளக்க முடியாது. "இவங்களால மறுத்திருக்க முடியுமா? மறுக்க முடிஞ்சும் கொடுத்தாங்களா?" இதை விசாரிச்சுத் தெரிஞ்சுக்கலாம். ஆமான்னு பதில் வந்தா, அது தானம். அரசு துப்பாக்கி முழங்கினாலும் சரி, முழங்காவிட்டாலும் சரி.