"வாழ்த்துகள்" என்றால் போதுமா?

பதவி உயர்வு வந்து விட்டது! ஆணை கைக்கு வந்து ஒரு மணி நேரம் கூட ஆகவில்லை. அதற்குள் கைபேசியில் வாழ்த்துகள் குவிகின்றன. எல்லாம் ஒரே மாதிரி. ஒரு பூங்கொத்துப் படம், "மனமார்ந்த வாழ்த்துகள், மேன்மேலும் உயர்க" என்ற ஒரு வரி. பெற்றுக்கொண்டவரும் இரண்டு கைகள் கூப்பிய படத்தை அனுப்பி விட்டு வேலையைப் பார்க்கிறார். மறுநாள் யார் அனுப்பினார்கள் என்பது அவருக்கே நினைவில்லை.

ஒரு தாலுகா அலுவலகத்தில் நடந்ததைப் பார்ப்போம். அங்கே ஓர் அம்மாள் இளநிலை உதவியாளராக இருந்தார். பதினோரு ஆண்டு வேலை. துறைத் தேர்வு எழுதித் தேறி, பட்டியலில் பெயர் வந்து, உதவியாளர் ஆனார். அவருக்கும் படங்கள் வந்தன. பெரிய அதிகாரி, "உங்கள் திறமைக்கும் உழைப்புக்கும் கிடைத்த பரிசு" என்றார். நல்ல வார்த்தைதான். ஆனால் அதற்கு முந்தின மாதம் ஓய்வு பெற்றவருக்கும் அவர் அதையேதான் சொன்னார்!

மாலையில் தட்டச்சர் பையன் அவர் மேசைக்கு வந்தான். "அக்கா, மழைத் தண்ணி பதிவறைக்குள்ளே வந்த அன்னிக்கு, பழைய பதிவேட்டையெல்லாம் தாள் தாளாப் பிரிச்சு மின்விசிறிக்குக் கீழே காய வெச்சீங்களே! அப்போ நான் வேலைக்கு வந்து பத்து நாள்தான். ஒரு தாள் போனா ஒரு குடும்பத்தோட நிலம் போன மாதிரின்னு சொன்னீங்க. அன்னியிலேருந்து நான் எந்தத் தாளையும் அலட்சியமாத் தொடறதில்லே. இனிமே நீங்க எந்த ஆபீஸுக்குப் போறீங்களோ, அங்கே பதிவறை பிழைச்சுது" என்றான். அம்மாளுக்குக் கண் கலங்கி விட்டது.

பையன் என்ன செய்தான்? புகழ்ச்சிச் சொல் ஒன்று கூடச் சொல்லவில்லை. ஒரு நாளைச் சொன்னான். அன்று அவர் செய்த ஒரு காரியத்தைச் சொன்னான். அதனால் தனக்கு வந்த நன்மையைச் சொன்னான். அவ்வளவுதான். வாழ்த்து எழுதியதும் பெயரை மாற்றிப் பாருங்கள். வேறு ஒருவர் பெயரைப் போட்டாலும் அது பொருந்துமானால், அது இவருக்கான வாழ்த்து அல்ல. ஈரமான பதிவேட்டை வேறு யாருக்கு எழுத முடியும்?

நினைவில் ஒன்றுமே வரவில்லையா? அடுத்த பிரிவுக்காரர், அதிகம் பழகாதவர் என்றால் அப்படித்தான் இருக்கும். அப்போது "கேள்விப்பட்டேன், சந்தோஷம்" என்று நேரில் போய் இரண்டு சொல் சொன்னாலே போதும். இல்லாத நெருக்கத்தை வார்த்தையில் காட்டினால் கேட்பவருக்கு உடனே தெரிந்து விடும்.

இன்னொன்று. பட்டியலில் பெயர் இருக்கிறது என்றவுடன் வாழ்த்தக் கூடாது. ஆணை வரும் வரை பொறுக்க வேண்டும். பட்டியலில் பெயர் இருந்தும் ஆணைக்காக மாதக் கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. அவசர வாழ்த்து அவர்களுக்கு ஆறுதலாக இராது. "கடைசியிலே கிடைச்சுதே!" என்பதும் வேண்டாம். இத்தனை நாள் கிடைக்கவில்லை என்பதுதான் அதில் பெரிதாகக் கேட்கிறது. "எப்போ விருந்து?" என்பதை வாழ்த்தாக நினைப்பவர்களுக்கு என்ன சொல்வது! நேற்று வரை "அக்கா" என்றவர் இன்று "மேடம்" என்று எழுந்து நிற்பதும் மரியாதை போல் தோன்றும். ஆனால் விலக்கி வைத்தது போல் இருக்கும்.

எல்லாவற்றிலும் கஷ்டமான வாழ்த்து ஒன்று உண்டு. அதே அலுவலகத்தில், அதே ஆண்டில் வேலைக்குச் சேர்ந்தவர் ஒருவர் இருந்தார். ஒரு தேர்வில் தேறாததால் பட்டியலில் அவர் பெயர் இல்லை. எல்லோரும் கை குலுக்கும்போது அவர் கோப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவரைக் கூட்டத்துக்குள் இழுத்து, "நீங்களும் சொல்லுங்க சார்" என்றார் ஒருவர். அதைப் போன்ற கொடுமை வேறில்லை!

அவர் அன்று ஒன்றும் சொல்லவில்லை. மூன்று நாள் கழித்து, மேசைகள் காலியான நேரத்தில் வந்தார். "எனக்கும் ஆசை இருந்துதும்மா. அன்னிக்குச் சிரிக்க முடியலே. உங்களுக்கு வந்ததிலே எனக்குக் குறையில்லே. அதைச் சொல்லாமப் போகக்கூடாதுன்னு வந்தேன்" என்றார்.

தாமதமான வாழ்த்துதான். ஆனால் பூங்கொத்துப் படம் அனுப்பியிருந்தால் அதில் பாதி பொய்யாக இருந்திருக்கும். அம்மாளும் "பரவாயில்லை சார், அடுத்தது உங்களுக்குத்தான்" என்று சொல்லி முடித்து விடவில்லை. அது தன் கையில் இல்லை என்று அவருக்குத் தெரியும். மேசை இழுப்பறையைத் திறந்தார். தேர்வுக்குப் படித்தபோது எழுதிய குறிப்பு நோட்டை எடுத்துக் கொடுத்தார். "மூணாவது பாடத்துலேதான் எல்லாரும் தடுக்குவாங்க சார். அங்கே நிறைய எழுதி வெச்சிருக்கேன்" என்றார்.